மஞ்சள் திராட்சையும் மூச்சிரைப்பும்: போட்டதைச் சொல்லி விற்போம்

பழம் உலர்த்தும் பயிற்சி ஒன்றில் வாழைப்பழத் துண்டுகளை கே.எம்.எஸ். கரைசலில் நனைத்தெடுப்பது எப்படி என்று செய்து காட்டிக்கொண்டிருந்தேன். கே.எம்.எஸ். என்பது பொட்டாசியம் மெட்டா பைசல்பைட். பழரசம், ஸ்குவாஷ் செய்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான வெள்ளைத் தூள். இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இத்தனை கிராம், இத்தனை நிமிடம் என்று சொல்லி முடித்ததும், பின்வரிசையில் இருந்த மகளிர் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார்.

"சார், கடையில வாங்குற மஞ்ச திராட்சையச் சாப்பிட்டா என் மகளுக்கு கொஞ்ச நேரத்துல இழுப்பு வந்துடுது. கருப்பு திராட்சை கொடுத்தா ஒண்ணும் ஆகறதில்ல. ரெண்டும் திராட்சைதானே, அது ஏன்?"

மஞ்சள் திராட்சைக்குக் கந்தகப் புகை போட்டிருப்பார்கள், அது காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள் என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த செய்முறைக்குப் போய்விட்டேன். ஊர் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்தத் திராட்சையில் இருந்ததும் என் கையில் இருந்த தூளில் இருந்ததும் ஒரே பொருள்தான். எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். போட்டதைப் பொட்டலத்தில் எழுத வேண்டும் என்று சொல்லவே இல்லை. அந்த அம்மாவின் குழு தயாரிக்கும் உலர் வாழைப்பழத்தை இன்னொரு ஊரில் இன்னொரு தாய் தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பார். அவருக்கு யார் சொல்வார்கள்?

மஞ்சள் நிறம் எப்படி வருகிறது?

நம் கடைகளில் விற்கும் உலர் திராட்சையில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் சாங்லி, நாசிக் பகுதிகளிலிருந்தும் கர்நாடகத்தின் விஜயபுரா பகுதியிலிருந்தும் வருகிறது. அங்கே பெரும்பாலும் தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லாப் பச்சைத் திராட்சையையும் அதன் வழி வந்த ரகங்களையும்தான் உலர்த்துகிறார்கள். இந்த ஒரே பழம், உலர்த்தும் முறையைப் பொறுத்து மூன்று நிறங்களில் கிடைக்கும்.

பறித்த குலையை எதுவும் செய்யாமல் வெயிலில் காயவிட்டால் அடர் பழுப்பாகும். பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட் எண்ணெயும் கலந்த கரைசலில் சில நிமிடங்கள் முக்கியெடுத்தால் தோலின் மேலுள்ள மெழுகுப் பூச்சு தளர்ந்து, உள்ளிருக்கும் நீர் வேகமாக வெளியேறும். இப்படி முக்கிய பழத்தை நிழல் கொட்டகையில் அடுக்கு வலைகளில் பரப்பினால் இரண்டு வாரங்களில் பச்சை கலந்த நிறத்தில் காய்ந்துவிடும். பொன் மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் இன்னொரு வேலை இருக்கிறது. மூடிய அறையிலோ கூடாரத்திலோ பழத்தை வைத்து, கிலோவுக்குச் சில கிராம் என்ற கணக்கில் கந்தகத்தை எரித்துப் புகை போட வேண்டும்.

எரியும் கந்தகத்திலிருந்து வரும் வாயு கந்தக டை ஆக்சைடு. தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறுகிறதே, அந்த நெடி. இந்த வாயு பழத்தின் ஈரத்தில் கரைந்து சல்பைட் உப்புகளாகத் தங்குகிறது. கே.எம்.எஸ். தூளைத் தண்ணீரில் கரைத்து நனைத்தாலும் பழத்தில் சேர்வது இதே சல்பைட்தான். ஒன்று புகை வழி, மற்றது கரைசல் வழி.

சல்பைட்டை வீணாக யாரும் போடுவதில்லை. வெட்டிய வாழைப்பழமும் ஆப்பிளும் கறுத்துப்போவதற்குக் காரணமான நொதியை இது முடக்குகிறது. பூஞ்சையையும் நுண்ணுயிர்களையும் தடுக்கிறது. உலரும்போது வீணாகும் வைட்டமின் சி-யைக் காப்பாற்றுகிறது. மறுபக்கம், வைட்டமின் பி1-ஐ அழித்துவிடுகிறது. ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் ஏப்ரிகாட், வெளிர் நிற உலர் ஆப்பிள் வளையம், நிறம் மங்காத உலர் மாம்பழம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இதன் கைவண்ணம் இருக்கும். கந்தகம் போடாத ஏப்ரிகாட் பழுப்பு நிறத்தில் பேரீச்சம்பழம் போல இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சாம்பல் நோய்க்காகத் திராட்சைக் கொடியில் தெளிக்கும் நனையும் கந்தகம் வேறு. அம்மோனியம் சல்பேட் உரம் வேறு. மருந்துக் கடையில் கிடைக்கும் சல்பா மாத்திரையும் வேறு. பெயரில் ஒற்றுமை இருக்கிறதே தவிர, சல்பா மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்குச் சல்பைட்டும் ஒத்துக்கொள்ளாது என்று பொருளில்லை. நாம் பேசுவது, பழம் பறித்த பிறகு அதன் மேல் சேர்க்கப்படும் சல்பைட்டைப் பற்றி மட்டுமே.

ஆஸ்துமா உள்ளவருக்கு என்ன ஆகிறது?

பெரும்பாலோருக்குச் சல்பைட் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. உடலில் உள்ள ஒரு நொதி அதைச் சல்பேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும்கூட இது ஆகாது என்று சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ளவர்களில் நூற்றுக்கு 3 முதல் 10 பேர் வரை சல்பைட்டால் பாதிக்கப்படக்கூடும் என்பதே மருத்துவ நூல்கள் பொதுவாகத் தரும் கணக்கு. நோய் கட்டுக்குள் வராதவர்கள், நாள்தோறும் ஸ்டீராய்டு மருந்தை நம்பி இருப்பவர்கள் ஆகியோரிடையே இது அதிகம்.

இவர்களுக்கு மட்டும் ஏன்? சல்பைட் சேர்த்த பழத்தை மெல்லும்போது வாயின் ஈரமும் பழத்தின் புளிப்பும் சேர்ந்து அதிலிருந்து கந்தக டை ஆக்சைடைக் கொஞ்சம் வெளியேற்றுகின்றன. வயிற்றின் அமிலத்திலும் இது நடக்கிறது. அந்த வாயு மூச்சோடு உள்ளே போய், ஏற்கெனவே எளிதில் சுருங்கும் தன்மையுள்ள மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கிறது. இதுவே முதன்மையான விளக்கம். சாப்பிட்ட சில நிமிடங்களில் நெஞ்சு இறுக்கம், இருமல், விசில் போன்ற இரைப்பு தொடங்கும். சிலருக்குத் தோலில் தடிப்பும் வரும். அரிதாக, உயிருக்கே ஆபத்தாக முடியும்.

இது பெரும்பாலும் வேர்க்கடலை ஒவ்வாமை போன்றதல்ல. அதனால் வழக்கமான தோல் சோதனையில் அநேகமாகத் தெரியாது. மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில், சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். வீட்டிலேயே நாலு திராட்சையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று யாரும் இறங்க வேண்டாம். வீட்டில் செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்று உண்டு. எதைச் சாப்பிட்ட பிறகு, எத்தனை நிமிடத்தில், என்ன ஆனது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த அம்மா மஞ்சளுக்கும் கருப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தாரே, அத்தகைய கவனிப்பு மருத்துவருக்கு நல்ல துப்பாக இருக்கும்.

ஒரு கைப்பிடியில் எவ்வளவு?

பல நாடுகள் பின்பற்றும் கோடெக்ஸ் உணவுத் தரத்தில் பொன்னிறமாக்கிய உலர் திராட்சைக்குக் கிலோவுக்கு 1,500 மில்லிகிராம், உலர் ஏப்ரிகாட்டுக்கு 2,000 மில்லிகிராம் வரை கந்தக டை ஆக்சைடு இருக்கலாம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் பழத்தில் இதைவிடக் குறைவாக இருக்கலாம். வரம்பைத் தொட்டால் என்ன கணக்கு வரும் என்று பார்ப்போம்.

சிறிய உலர் திராட்சை ஒன்று ஏறக்குறைய அரை கிராம். குழந்தை 20 திராட்சை சாப்பிட்டால் 10 கிராம். கிலோவுக்கு 1,500 என்றால் 10 கிராமில் 15 மில்லிகிராம். வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் பொதுவாகக் கேடில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு வகுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 14 மில்லிகிராம். ஆக, வரம்புக்கு உட்பட்டுத் தயாரித்த திராட்சையிலும் ஒரு சின்னக் கைப்பிடி அந்த அளவை எட்டிவிடுகிறது. ஒருநாள் தாண்டினால் நலமாக இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இந்த 0.7 என்ற அளவு பொதுமக்களுக்காக வகுத்தது. சல்பைட் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரருக்கு அதற்கும் குறைவான அளவிலேயே இரைப்பு வரலாம். அவருக்குப் பாதுகாப்பு, இருக்கிறதா இல்லையா என்று தெரிவதில்தான் இருக்கிறது.

பத்து பி.பி.எம். என்ற கோடு

1980-களில் அமெரிக்க உணவகங்களில் வெட்டி வைத்த காய்கறிகள் வாடாமல் தெரிவதற்காகச் சல்பைட் தெளிப்பது பரவலாக இருந்தது. அதைச் சாப்பிட்ட ஆஸ்துமாக்காரர்கள் பலர் பாதிக்கப்பட்டனர், சிலர் இறந்தும் போயினர். அதன் பிறகு 1986-ல், பச்சையாக உண்ணும் காய்கனிகளில் சல்பைட் சேர்ப்பதை அந்நாடு தடை செய்தது. மற்ற உணவுகளில் 10 பி.பி.எம்., அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் பொட்டலத்தில் எழுத வேண்டும் என்றும் விதித்தது.

நம் நாட்டிலும் இப்போது அதே கோடுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளில், ஒவ்வாமை தரக்கூடியவை என்று அறிவிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை ஆகியவற்றோடு சல்பைட்டும் இருக்கிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அறிவிப்பு கட்டாயம்.

இந்தப் பத்து என்பது 'இதற்குக் கீழே ஆபத்தில்லை' என்று நோயாளிகளைச் சோதித்து வகுத்த அளவு அல்ல. ஆய்வகச் சோதனையில் நம்பகமாகக் கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு அதுவாக இருந்ததால் கோட்டை அங்கே போட்டார்கள். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பொட்டலம் வாங்குபவர் எங்கே பார்க்க வேண்டும்? உட்பொருள்கள் பட்டியலின் கடைசியில் 'பிரிசர்வேட்டிவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஐ.என்.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். 220 என்றால் கந்தக டை ஆக்சைடு. 223 என்றால் சோடியம் மெட்டா பைசல்பைட். 224 என்றால் நம் கே.எம்.எஸ். பொதுவாக 220 முதல் 228 வரையுள்ள எண் எது இருந்தாலும் அது சல்பைட் வகை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே 'சல்பைட் உள்ளது' என்ற ஒவ்வாமை அறிவிப்பும் இருக்க வேண்டும்.

சிக்கல், சில்லறையாக நிறுத்து விற்கும் இடத்தில் இருக்கிறது. நம் ஊர் மளிகைக் கடையிலும் சந்தையிலும் உலர் திராட்சையைப் பெட்டியிலிருந்து தட்டில் கொட்டி, நூறு கிராம், ஐம்பது கிராம் என்று நிறுத்துக் கொடுக்கிறார்கள். லேபிள் ஒட்டிய அட்டைப் பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகிறது. லேபிளில் எழுதியிருந்த ஒரே ஒரு வரி, அது தேவைப்படுகிற ஒரே ஆளிடம் போய்ச் சேர்வதில்லை. மொத்தமாக வாங்கிச் சிறு பொட்டலம் போடும் குழுக்களும் இதையே செய்கின்றன. பெட்டியில் இருந்த வரியைத் தங்கள் லேபிளுக்கு மாற்றி எழுதுவதில்லை. சிலர் ஒரு படி மேலே போய் 'இயற்கையானது' என்றும் அச்சிட்டுவிடுகிறார்கள்.

நம் சோலார் டிரையரில் ஒரு கணக்கு

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் பிரச்சினை, நாங்கள் போடுவது ஒரு சிட்டிகை என்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தினர் சொல்வதுண்டு. அந்தச் சிட்டிகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

தோலுரித்த வாழைப்பழம் 5 கிலோ. லிட்டருக்கு 1 கிராம் கே.எம்.எஸ். கரைத்த தண்ணீரில் துண்டுகளை முக்கி எடுத்து வடிக்கிறோம். ஒரு கிலோ துண்டுகளில் 50 மில்லி கரைசல் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோவுக்கு 250 மில்லி. அதில் இருக்கும் கே.எம்.எஸ். கால் கிராம். இந்தத் தூளின் எடையில் ஏறக்குறைய பாதி கந்தக டை ஆக்சைடாகக் கணக்கில் வரும். ஆக 125 மில்லிகிராம்.

5 கிலோ பழம் காய்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ கிடைக்கும். நீர்தான் போகிறது, சல்பைட் முழுவதும் போவதில்லை. எதுவும் இழப்பாகாவிட்டால் கிலோவுக்கு 83 மில்லிகிராம். உலர்த்தும்போது நிறையவே ஆவியாகும் என்பது உண்மை. ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது என்று தாராளமாகக் கழித்தாலும் கிலோவுக்கு 16 மில்லிகிராமுக்கு மேல் மிஞ்சுகிறது. 10 என்ற கோட்டை அது தாண்டிவிட்டது.

உங்கள் பழத்தில் ஒட்டும் கரைசலும் ஆவியாகும் அளவும் இந்தக் கணக்கிலிருந்து மாறுபடலாம். முக்கிவைக்கும் நேரம், துண்டின் தடிமன், டிரையரின் சூடு எல்லாம் அதை மாற்றும். உண்மையான அளவை ஆய்வகத்தில்தான் அறிய முடியும். ஆனால் ஒரு முடிவு உறுதி. லிட்டருக்கு ஒரு கிராம் என்ற சிறிய அளவிலேயே கோட்டைத் தாண்ட வாய்ப்பிருக்கிறது. எனவே கே.எம்.எஸ். தொட்ட பழம் என்றால், ஆய்வக முடிவு வேறுவிதமாகச் சொல்லாதவரை 'சல்பைட் உள்ளது' என்று எழுதிவிடுவதே முறை.

கழுவினால் போகாதா?

இது அடிக்கடி வரும் கேள்வி. சல்பைட்டில் ஒரு பங்கு பழத்தில் தளர்வாக இருக்கும், இன்னொரு பங்கு பழத்தின் சர்க்கரை முதலிய பொருள்களோடு பிணைந்துகொள்ளும். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் தளர்வான பங்கில் ஓரளவு போகும். பிணைந்தது நிற்கும். பாயசத்துக்கு நெய்யில் வறுத்துப் போட்டாலும் இதே கதைதான். பொதுவாக எல்லோரும் கழுவிச் சாப்பிடுவது நல்லது. ஆனால் சல்பைட் ஒத்துக்கொள்ளாது என்று உறுதியானவர், கழுவியதை நம்பிச் சாப்பிடக் கூடாது.

நிறமும் மணமும் துப்பு கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது. பொட்டலத்தைத் திறந்ததும் தீக்குச்சி நெடி அடித்தால் கந்தகம் போட்டது நிச்சயம் என்றே கொள்ளலாம். நெடி இல்லை என்பதால் சல்பைட் இல்லை என்று சொல்ல முடியாது. பொன் மஞ்சள் திராட்சையில் இருக்க வாய்ப்பு அதிகம், பழுப்பிலும் கருப்பிலும் குறைவு. குறைவு என்பது இல்லவே இல்லை என்று ஆகாது. உருண்டை வெல்லத்தில் ஹைட்ரோஸ் போட்டதையும் போடாததையும் நிறத்தை வைத்து ஓரளவு சொல்லும் நம் விவசாயிகள்கூட, கலப்பு வெல்லத்தில் ஏமாந்திருக்கிறார்கள் அல்லவா? அதுபோலத்தான்.

போடாமல் முடியாதா?

முடியும், சில விஷயங்களை விட்டுக்கொடுத்தால். வாழை, மாம்பழத் துண்டுகளை எலுமிச்சைச் சாறு அல்லது சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் முக்கினால் கறுப்பது குறையும். நெல்லிக்காய்த் துண்டுகளைச் சில நிமிடங்கள் ஆவியில் வாட்டினால் நிறத்தைக் கெடுக்கும் நொதி செயலிழந்துவிடும். இந்த முறைகளில் கிடைக்கும் பழம், கே.எம்.எஸ். போட்டதைப் போலப் பளிச்சென்று இருக்காது. மாதங்கள் செல்லச் செல்ல இன்னும் கருக்கும். ருசியில் குறையிருக்காது.

நிறத்தைவிடப் பெரிய விஷயம் பூஞ்சை. சல்பைட் ஒரு காவலாளி. காவலாளி இல்லாத வீட்டில் கதவை நன்றாகப் பூட்ட வேண்டும். கசிவில்லாத பழமாக, கையால் அழுத்தி இரண்டாக முறித்துப் பார்த்தால் உள்ளே ஈரப்பசை தெரியாத அளவுக்குக் காயவிட வேண்டும். காய்ந்ததும் உடனே பொட்டலம் போடாமல் மூடிய பாத்திரத்தில் சில நாள் வைத்துக் குலுக்கிவிட்டால் துண்டுகளுக்கிடையே ஈரம் சமமாகும். பாத்திரத்தின் உட்புறத்தில் வியர்த்தால் இன்னும் காயவில்லை என்று பொருள், மீண்டும் டிரையருக்கு அனுப்ப வேண்டும். பிறகு காற்றுப் புகாத உறையில் அடைத்து, விற்பனைக் காலத்தையும் குறைத்து எழுத வேண்டும். இதைச் செய்ய முடியாத இடத்தில் சல்பைட்டை விட்டுவிட்டுப் பூஞ்சையை விற்பதைவிட, அனுமதித்த அளவில் சல்பைட் போட்டு அதை எழுதி விற்பதே நேர்மை.

அதனால் சல்பைட்டை ஒழிக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அது சட்டம் அனுமதித்த, பயன் தெரிந்த ஒரு பொருள். அதை மறைப்பதைத்தான் எதிர்க்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழத்துக்கோ கொப்பரைக்கோ கந்தகப் புகை போடுபவர்களில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், தின்பவரைவிட முதலில் பாதிக்கப்படுபவர் அவர்தான். புகை அறையைத் திறந்ததும் உள்ளே நுழையக் கூடாது. கதவைத் திறந்துவிட்டு, நெடி முற்றிலும் அடங்கும்வரை காற்றோட்டம் விட வேண்டும். இழுப்பு உள்ளவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

யார் என்ன செய்யலாம்?

ஒரு பழத்தில் சல்பைட் இருக்கிறதா என்பதை வாங்குபவர் தன் கண்ணாலோ மூக்காலோ உறுதியாக அறிய முடியாது. ஆய்வகம் சொல்லும், ஆனால் 50 கிராம் திராட்சைக்காக யாரும் ஆய்வகம் போக மாட்டார்கள். செலவில்லாமல், சந்தேகமில்லாமல் இதை அறிந்தவர் ஒரே ஒருவர்தான். உலர்த்தும் களத்தில் கந்தகத்தைப் பற்றவைத்தவர், அல்லது தூளைக் கரைத்தவர். அவருக்குத் தெரிந்த அந்த ஒரு விவரம் கைமாறிக் கைமாறி வாங்குபவர்வரை போக வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

உலர்த்துபவர்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நோட்டில் நாள், பழம், போட்ட பொருள், அளவு ஆகியவற்றை எழுதட்டும். போட்டிருந்தால் பொட்டலத்தில் ஐ.என்.எஸ். எண்ணும், 'சல்பைட் உள்ளது' என்ற வரியும் தமிழிலும் வரட்டும். மொத்தமாக வாங்கிப் பொட்டலம் போடுபவர்கள் பெட்டி லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள அறிவிப்பைத் தங்கள் லேபிளுக்கு மாற்றட்டும். விற்றவரிடம் கேட்காமல் 'கந்தகம் சேர்க்காதது' என்று அச்சிட வேண்டாம். சில்லறைக் கடைக்காரர் பெட்டியின் லேபிள் பக்கத்தைக் கிழித்துத் தட்டின் முன்னால் செருகி வைத்தால் போதும், அதற்கு ஒரு பைசா செலவில்லை.

வேளாண் விரிவாக்கத்தில் இருக்கும் என் சகாக்களுக்கு ஒரு வார்த்தை. கே.எம்.எஸ். அளவைச் சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பில், அதே கரும்பலகையில், லேபிளில் எழுத வேண்டிய வரியையும் எழுதுங்கள். அதைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் செய்யாமல் விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்போதெல்லாம் என் செய்முறை வகுப்பு, துண்டுகளை டிரையரில் பரப்புவதோடு முடிவதில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் தாங்கள் நனைத்த பழத்துக்குத் தாங்களே லேபிள் எழுதிக் காட்டிய பிறகுதான் முடிகிறது.

அந்த அம்மா சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். மகளை மருத்துவரிடம் காட்டிவிட்டார்கள். உலர் பழம் வாங்கினால் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்களாம். தங்கள் குழுவின் வாழைப்பழப் பொட்டலத்தில் சல்பைட் வரியைச் சேர்த்ததும் இரண்டு கடைக்காரர்கள், "இதை எழுதினா யாரு வாங்குவா?" என்று கேட்டார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"என் மக மாதிரி பிள்ளை இருக்கற வீட்டுல வாங்க மாட்டாங்க. அவங்க வாங்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கோம்னு சொன்னேன் சார்."